‘Skip’, ‘Sleep’: இரண்டு அறைகள், ஒரே குழப்பம்

ஹோட்டல் வரவேற்பு மேசைக்குப் புதிதாக வருபவர்களை மிரட்டுவது, காலையில் திரையில் வரும் ‘Room Discrepancy’ என்ற எச்சரிக்கை. கணினியில் இருப்பது ஒன்று, அறையைப் போய்ப் பார்த்த ஹவுஸ்கீப்பிங் ஊழியர் சொல்வது வேறொன்று என்பதே அதன் பொருள்.

‘Skip’ என்றால், கணினியில் ஆள் இருக்கிறார், அறையோ காலி. பணம் கட்டாமல் போய்விட்டாரோ என்ற பயம்தான் முதலில் வரும். பெரும்பாலும் செக்-அவுட் பதிவு செய்ய நாம் மறந்திருப்போம். ‘Sleep’ இதற்கு நேர் எதிர்: கணினியில் காலி, உள்ளே ஆள். எனக்கு இதுதான் கூடுதல் பயம். அந்த அறையையே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம். அவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குடும்பம் இருக்கும்!

ஓர் உதாரணம். 304-இல் ஏசி குளிரவில்லை. இரவுப் பணியாளர் விருந்தினருக்கு 306-இன் சாவியைக் கொடுத்துவிட்டு, கணினியில் மாற்றவில்லை. காலையில் 304-க்கு ‘Skip’, 306-க்கு ‘Sleep’. இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் அறை மாற்றத்தைச் சந்தேகியுங்கள். இரவுப் பணியாளரின் குறிப்பேட்டைப் பாருங்கள், 306-இல் இருப்பவரின் பெயரை உறுதிசெய்யுங்கள். பிறகு ‘Room Move’ கொடுத்தால் பில்லும் கூடவே நகரும்.

பயிற்சியாளர்கள் அவசரத்தில் 304-ஐ செக்-அவுட் செய்யப் பார்ப்பார்கள். தங்கியிருப்பவரின் கணக்கே மூடிவிடும். இன்னும் சிலர் ஹவுஸ்கீப்பிங் நிலையைத் திருத்தி எச்சரிக்கையை மறைப்பார்கள். திரை சுத்தமாகிவிடும், 306 மட்டும் விற்பனைக்குத் திறந்தே கிடக்கும்.