ரூட் போனும் போலி நகலும்: எதைத் தடுக்கலாம்?

2018 ஆகஸ்டில் போக்கிமான் கோ விளையாட்டின் புதிய பதிப்பு வந்ததும், ஆண்ட்ராய்டு பயனர்கள் சிலர் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். போனில் MagiskManager என்ற பெயரில் ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கினால் போதும், விளையாட்டு திறக்க மறுத்துவிடும். உள்ளே எதுவும் இருக்க வேண்டியதில்லை. போன் ரூட் செய்யப்பட்டிருக்கவும் வேண்டியதில்லை.

ரூட் செய்வது என்றால், ஆண்ட்ராய்டு அமைப்பின் முழு அதிகாரத்தையும் போனின் உரிமையாளர் தன் கைக்குக் கொண்டுவருவது. மேஜிஸ்க் அதற்குப் பரவலாகப் பயன்படும் கருவி. ஓரிடத்தில் நின்றபடியே ஊர் சுற்றுவதுபோல் ஜிபிஎஸ்ஸை ஏமாற்றி ஆடுபவர்களுக்கு ரூட் கைகொடுத்ததால், விளையாட்டை நடத்திய நயான்டிக் நிறுவனம் மேஜிஸ்க்கின் தடயங்களைத் தேடத் தொடங்கியது.

செயலிகள் ரூட்டைக் கண்டுபிடிக்கும் எளிய வழி இப்படித் தடயம் தேடுவதுதான். /system/xbin/su என்ற கோப்பு இருக்கிறதா, மேஜிஸ்க் செயலி நிறுவப்பட்டிருக்கிறதா என்று அவை பார்க்கும். ஆனால் ரூட் அதிகாரம் உள்ளவர் அந்தக் கோப்பை அந்தச் செயலியின் கண்ணில் மட்டும் படாமல் மறைத்துவிடலாம். மேஜிஸ்க்கின் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே, விவரம் தெரிந்த ஏமாற்றுக்காரர் தப்பிக்கிறார். ஃபோல்டரை மறந்துபோய் விட்டுவைத்தவர் சிக்கிக்கொள்கிறார்.

திருத்தப்பட்ட நகல் என்பது வேறு சிக்கல். அதே விளையாட்டு 2016 ஜூலையில் முதலில் சில நாடுகளில் மட்டும் வெளியானது. மற்ற நாட்டு ரசிகர்கள் பொறுமையில்லாமல் வெளித்தளங்களிலிருந்து ஏபிகே கோப்பை இறக்கி நிறுவினார்கள். சில நாட்களிலேயே, டிராய்ட்ஜாக் என்ற உளவு மென்பொருள் ஒட்டப்பட்ட ஒரு நகலை ப்ரூஃப்பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். தோற்றத்தில் அசலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எஸ்எம்எஸ் படிக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் அசல் கேட்காத அனுமதிகளை அது கேட்டது. அதை நிறுவ போன் ரூட் செய்யப்பட்டிருக்க வேண்டிய தேவையே இல்லை.

இத்தகைய நகலைக் காட்டிக்கொடுப்பது அதன் டிஜிட்டல் கையொப்பம். ஒவ்வொரு ஏபிகே கோப்பும் அதை உருவாக்கியவரின் ரகசியச் சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். உள்ளே ஒரு வரியை மாற்றினாலும் பழைய கையொப்பம் செல்லாது. திருத்தியவர் தன் சொந்தச் சாவியால் மறுபடி கையொப்பமிட்டே ஆக வேண்டும். அந்த வேறுபாட்டைச் செயலியே சோதித்துக்கொள்ளலாம்தான். ஆனால் செயலியைத் திருத்தியவர் அந்தச் சோதனையையும் சேர்த்தே நீக்கிவிடுவார்.

அதனால் தீர்ப்பு சொல்லும் வேலை போனுக்கு வெளியே நகர்ந்தது. கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சேவையில், செயலி முதலில் போனில் உள்ள கூகுள் ப்ளேயிடம் சான்று கேட்கும். கூகுள் தரும் பூட்டிய சான்றைச் செயலியால் படிக்க முடியாது. அப்படியே தன் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவைக்கும். அங்கே அதைத் திறந்தால் இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியே விடை இருக்கும். நகலைப் பற்றிய விடை PLAY_RECOGNIZED என்றிருந்தால் அது ப்ளேயில் உள்ள அசல். UNRECOGNIZED_VERSION என்றிருந்தால் அசலோடு பொருந்தாதது. போனைப் பற்றிய விடை அடிப்படை, சாதனம், வலுவானது என மூன்று நிலைகளில் வரும்.

இரண்டு விடைகளுக்கும் ஒரே தண்டனை விதிப்பதில்தான் பல செயலிகள் தவறுகின்றன. அசலோடு பொருந்தாத நகலிலிருந்து வரும் உள்நுழைவை ஒரு வங்கி மறுத்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. அந்த நகலுக்குள் என்ன இருக்கிறதென்று வங்கிக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. ப்ளேயிலிருந்து மறுபடி நிறுவச் சொன்னால் சிக்கல் தீர்ந்துவிடும்.

போனைப் பற்றிய விடை அவ்வளவு தெளிவானதல்ல. பாதுகாப்புக்காகவே உருவாக்கப்பட்ட கிராபீன் ஓஎஸ் அமைப்பு கூகுளின் சான்று பெற்றதல்ல என்பதால், அதில் ஓடும் போன் 'சாதனம்' நிலையைத் தொடுவதில்லை. பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் பெறாத பழைய போனோ, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பு மாறாமல் இருந்தால் அதே நிலையில் தேறிவிடும். 2023இல் தென்கிழக்காசிய வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த ஃபியோர்ட்ஃபேன்டம் என்ற தீநிரலுக்கு ரூட்டே தேவைப்படவில்லை. அசல் வங்கிச் செயலியை மாற்றாமல், அதைத் தனக்குள் ஒரு மெய்நிகர் கூட்டில் வைத்து ஓட்டியது.

எனவே போன் பற்றிய விடையை, வாடிக்கையாளர் செய்ய வரும் காரியத்தோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம். ரூட் செய்த போனில் இருப்புத் தொகையைப் பார்க்க விடலாம். அதே போனிலிருந்து புதிய கணக்கு ஒன்றுக்குப் பெரிய தொகை போகிறதென்றால் கூடுதல் சரிபார்ப்பு கேட்கலாம், தொகைக்கு வரம்பு வைக்கலாம்.

எடுத்ததுமே 'வலுவானது' நிலைதான் வேண்டும் என்று கேட்பதன் விளைவும் கடுமை. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13 மற்றும் அதற்குப் பிந்தைய போன்களில் அந்த நிலை கிடைக்க, கடந்த ஓராண்டுக்குள் வெளியான பாதுகாப்புத் திருத்தம் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட போனை வைத்திருப்பவர், ரூட் என்ற சொல்லையே கேள்விப்படாதவராக இருந்தாலும், அந்தச் செயலிக்கு வெளியே நிற்பார்.