அழகாக இருந்தால் மட்டும் போதுமா? மாணவர் அசைவூட்டப் படங்களுக்கு மதிப்பெண் போடும் முறை

ஒரு வகுப்பில் இரண்டு குழுக்கள் அரை நிமிட அசைவூட்டப் படம் எடுத்துக் கொடுக்கின்றன. முதல் குழு மடிக்கணினியில், மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் உருவங்களைக் கொண்டு செய்திருக்கிறது. படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இரண்டாவது குழு பிளாஸ்டிசின் களிமண்ணில் எறும்பு செய்து, பழைய கைப்பேசியில் ஒவ்வொரு படமாக எடுத்துக் கோத்திருக்கிறது. வெளிச்சம் மினுக்கி மினுக்கி வருகிறது. ஒருமுறை பார்த்துவிட்டு மனத்தில் தோன்றிய மதிப்பெண்ணைப் போடச் சொன்னால், முதல் படத்துக்கு 85, இரண்டாவதற்கு 60 என்று போடுவது எளிது.

அந்த 25 மதிப்பெண் வித்தியாசம் மாணவர்களின் வேலையிலிருந்து வந்ததா, கருவியிலிருந்து வந்ததா? இதற்குப் பதில் சொல்ல முடியாத ஆசிரியர், ‘எங்களுக்கு ஏன் குறைவு?’ என்று கேட்கும் மாணவருக்கும் பதில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் மதிப்பீட்டு அளவுகோல் தேவைப்படுகிறது. கதை, நேரக்கணிப்பு, உழைப்பு என்ற மூன்று தலைப்புகள் அதற்குப் போதும். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். கதைக்கும் நேரக்கணிப்புக்கும் ஒரு நிலைக்கு 10 மதிப்பெண், உழைப்புக்கு ஒரு நிலைக்கு 5. ஆக 40, 40, 20, மொத்தம் 100.

கதை: பார்த்தவர் திருப்பிச் சொல்கிறாரா?

‘கதை நன்று’, ‘கதை சுமார்’ என்று எழுதினால் அது அளவுகோல் ஆகாது. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்பதை எழுத வேண்டும்.

பாத்திரம் எதையோ விரும்புகிறது, ஏதோ தடுக்கிறது, பாத்திரம் தானே செய்த ஒரு செயலால் முடிவு வருகிறது என்றால் நான்காம் நிலை. விருப்பமும் தடையும் தெளிவாக இருந்து, முடிவு மட்டும் தற்செயலாக வந்தால் மூன்றாம் நிலை. சம்பவங்கள் ‘பிறகு, பிறகு’ என்று அடுக்கப்பட்டு, ‘ஆனால்’, ‘ஆகவே’ என்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் இருந்தால் இரண்டாம் நிலை. அசைவு மட்டும் இருந்து, நிகழ்வு எதுவும் இல்லையென்றால் முதல் நிலை.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. படம் எடுக்கத் தொடங்கும் முன்பே குழுவினர் தங்கள் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். படம் முடிந்ததும், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத வேறு வகுப்பு மாணவர் ஒருவர் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்கட்டும். அவர் சொல்லும் கதையும் குழு எழுதிய வாக்கியமும் ஒத்துப்போனால், கதை திரையில் இருக்கிறது. ஒத்துப்போகவில்லையென்றால், அது எடுத்தவர்களின் மனத்தில் மட்டும் இருக்கிறது.

நேரக்கணிப்பு: வழுக்கலான ஓட்டம் வேறு, சரியான நேரம் வேறு

மதிப்பீட்டில் பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். அசைவு தடங்கலின்றி ஓடினால் நேரக்கணிப்பு நன்றாக இருப்பதாக நினைத்துவிடுகிறோம். மென்பொருளில் ஓர் உருவத்தின் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் வைத்துவிட்டால், இடையில் வரும் ஃபிரேம்களை மென்பொருளே நிரப்பிவிடும். அந்த வழுக்கல் மென்பொருளின் வேலை. எங்கே வேகம் கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் மாணவரின் வேலை. டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஓலி ஜான்ஸ்டனும் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தொகுத்த அசைவூட்டத்தின் 12 அடிப்படை விதிகளில் நேரக்கணிப்பும் ஒன்று.

இதை மதிப்பிட, படம் முழுவதையும் அலச வேண்டியதில்லை. மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் போதும்.

முதல் இடம், ஏதாவது விழும் காட்சி. விழும் பொருள் போகப் போக வேகம் பிடிக்கும். சம நேர இடைவெளிகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும். ஒரு சர்க்கரைக் கட்டி 16 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நான்கு ஃபிரேம்களில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபிரேமில் 1, அடுத்ததில் 3, பிறகு 5, கடைசியில் 7 சென்டிமீட்டர் நகர்ந்தால் அதற்கு எடை இருப்பதாகக் கண் நம்பும். ஒவ்வொரு ஃபிரேமிலும் சமமாக 4 சென்டிமீட்டர் நகர்த்தினால், கட்டி கயிற்றில் இறக்குவதுபோல் இறங்கும். மாணவர் படங்களில் அடிக்கடி காணும் குறை இதுதான். அளவுகோல் குச்சியைத் திரையில் வைத்தே இதைச் சரிபார்க்கலாம். விகிதம் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடைவெளி கூடிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது இடம், பெரிய செயலுக்கு முந்திய தயக்கம். கனமான பொருளைத் தூக்கும் முன் உடம்பு தாழும், ஒரு கணம் நிற்கும். அந்தத் தயாரிப்பு இல்லாவிட்டால் கல்லும் பஞ்சும் ஒன்றுபோல் தெரியும்.

மூன்றாவது இடம், முக்கியமான செய்தி திரையில் நிற்கும் நேரம். கதையை அறிந்தவர்களே படத்தைக் கோப்பதால், அவர்களுக்குக் கால் விநாடியே போதுமானதாகத் தோன்றும். புதிதாகப் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாமலே போய்விடும். திரையில் எழுத்து வந்தால், அதை நிதானமாக இருமுறை வாசிக்கும் நேரமாவது அது நிற்க வேண்டும்.

மூன்று இடங்களும் சரியாக இருந்தால் நான்காம் நிலை, இரண்டு என்றால் மூன்றாம் நிலை, ஒன்று என்றால் இரண்டாம் நிலை, எதுவும் இல்லையென்றால் முதல் நிலை. படத்தில் விழும் காட்சியே இல்லையென்றால், ஒரு பொருள் புறப்படும் அல்லது நிற்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். அங்கும் வேகம் படிப்படியாக மாற வேண்டும்.

வெளிச்சம் மினுக்குவதற்கு இங்கே மதிப்பெண் குறைக்கக் கூடாது. கைப்பேசிக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளி அளவைத் தானாக மாற்றிக்கொள்வதாலோ, சன்னல் வெளிச்சம் மாறுவதாலோ, எடுப்பவரின் நிழல் விழுவதாலோ மினுக்கல் வருகிறது. ஒளி அளவைப் பூட்டி வைக்கவும் திரையை இழுத்துவிடவும் முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உழைப்பு: எண்ணிக்கையில் ஏமாற வேண்டாம்

எத்தனை ஃபிரேம் எடுத்தீர்கள் என்று கேட்டு உழைப்பை அளப்பது நியாயமாகத் தோன்றும். விநாடிக்கு 12 ஃபிரேம் என்றால் 30 விநாடிக்கு 360 ஃபிரேம். ஆனால், நேரக்கணிப்பு தெரிந்த மாணவர் முக்கியமான இடத்தில் உருவத்தை ஒரு விநாடி அசையாமல் நிறுத்துவார். அதற்கு ஒரே படத்தை 12 முறை நகலெடுத்தால் போதும். அப்படி நான்கு இடங்களில் நிறுத்தினால் 48 ஃபிரேம்களுக்கு நான்கு படங்களே தேவைப்படும். எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போட்டால், நன்றாகச் செய்தவருக்குத்தான் குறையும். செலவிட்ட மணி நேரத்தைக் கேட்பதிலும் பயனில்லை. அதைச் சரிபார்க்க வழியில்லை.

உழைப்பைச் சான்றுகளில் தேட வேண்டும். நான்கு சான்றுகளைக் கேட்கலாம்: படம் எடுக்கும் முன் வரைந்த கதைப்பலகை, சில விநாடிச் சோதனைப் படம், அந்தச் சோதனையைப் பார்த்து மாற்றிய ஓர் இடமும் மாற்றியதற்கான காரணமும், யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்ற நாட்குறிப்பு. ஒரு சான்றுக்கு ஒரு நிலை. இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டாம்.

வீட்டில் அண்ணனோ அக்காவோ செய்து கொடுத்திருப்பார்களோ என்ற ஐயம் வந்தால், குழுவினர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘இந்தப் பொருள் இன்னும் கனமாகத் தெரிய வேண்டுமென்றால் எந்த இடத்தில் என்ன மாற்றுவாய்?’ கையால் செய்தவர் உடனே அந்த இடத்தைக் காட்டுவார்.

இரண்டு படங்களையும் அளந்து பார்ப்போம்

மடிக்கணினிப் படத்தில், பயண அட்டையைத் தொலைத்த பையன் தான் நடந்த வழியை நினைவுகூர்ந்து, நூலக அலமாரிக்குத் திரும்பிச் சென்று எடுக்கிறான். முடிவு அவன் செயலால் வருகிறது, கதைக்கு 40. நேரக்கணிப்பில், புத்தகம் விழும்போது இடைவெளி சமமாக இருக்கிறது. குனியும் முன் ஒரு தயக்கம் இருக்கிறது, அது சரி. அட்டை கண்ணில் படும் காட்சியோ விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 6 ஃபிரேம் மட்டுமே, அதாவது கால் விநாடி. மூன்றில் ஒன்றுதான் சரி, 20. சான்றுகளில் கதைப்பலகை, சோதனைப் படம், நாட்குறிப்பு உண்டு, மாற்றத்தின் பதிவு இல்லை, 15. மொத்தம் 75. ஆயத்த உருவங்களைப் பயன்படுத்தியதற்காக எதுவும் குறையவில்லை.

களிமண் படத்தில் எறும்பு சர்க்கரைக் கட்டியுடன் தேநீர்த் தேக்கத்தைக் கடக்க வேண்டும். தவிக்கும்போது காற்றில் ஓர் இலை வந்து பாலமாக விழுகிறது. முடிவு தற்செயல், 30. தூக்கும் முன் எறும்பு தாழ்ந்து நிற்கிறது, கட்டி விழும்போது வேகம் கூடுகிறது, இலை விழும் கடைசிக் காட்சி மட்டும் அவசரம்; 30. நான்கு சான்றுகளும் உண்டு, 20. மொத்தம் 80.

இரண்டாவது ஆசிரியர் ஒருவர் தனியாக மதிப்பிடுவது அவசியம். களிமண் படத்தின் நேரக்கணிப்புக்கு அவர் 20 கொடுத்தால், சராசரி எடுத்து முடித்துவிடக் கூடாது. இருவரும் அந்த மூன்று இடங்களையும் ஃபிரேம் ஃபிரேமாக மீண்டும் பார்க்க வேண்டும். மினுக்கல்தான் அவரை உறுத்தியது என்றால் அது அப்போது தெரிந்துவிடும்.

75க்கும் 80க்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு யார் முதலிடம் என்று சொல்ல இயலாது. கதையிலோ நேரக்கணிப்பிலோ ஒரு நிலை மாறினாலே 10 மதிப்பெண் மாறுகிறது. பரிசுக்கு ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், ஒரு குழு அட்டை தெரியும் காட்சியை நீட்ட வேண்டும் என்பதையும், இன்னொரு குழு இலையை எறும்பே இழுத்து வருவதாகக் கதையை மாற்றலாம் என்பதையும் இந்தத் தாள் சொல்லிவிடுகிறது. 85, 60 என்ற எண்கள் அதைச் சொல்லவில்லை.

மாணவர்களே, உங்கள் ஆசிரியர் இத்தகைய தாளைத் தந்தால், கதைப்பலகை வரையும் நாளன்றே அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் அதைப் படம் கைக்கு வந்த பிறகு எழுதக் கூடாது. பணியைக் கொடுக்கும் முதல் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும்.