பட்டம் செல்லும், உரிமம் தனி

ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பிக்கும் நம்மூர் பொறியாளர், முதலில் தான் பட்டம் பெற்ற ஆண்டைப் பார்க்க வேண்டும். 1989இல் ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்படிக்கையில், இந்தியா 2014இல்தான் முழு உறுப்பினரானது. அதற்கு முன் வாங்கிய பட்டத்துக்கு அது பொருந்தாது. வேலையில் செய்தவற்றை மூன்று கட்டுரைகளாக எழுதித்தான் தகுதியை நிரூபிக்க வேண்டும்.

பின்னால் படித்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கல்லூரியின் பெயர் போதாது. படித்த பாடப்பிரிவுக்கே, தேசிய அங்கீகார வாரியத்தின் ‘டயர் 1’ அங்கீகாரம் அப்போது நடப்பில் இருந்திருக்க வேண்டும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் ‘டயர் 2’. உடன்படிக்கை அவற்றைத் தொடாது. சேர்க்கை விளம்பரங்களில் இதைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது!

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஏற்கப்படுவது பட்டம் மட்டுமே. பொறியாளராகக் கையெழுத்திட உரிமம் தேவைப்படும் இடங்களில், அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.