பக்கத்தில் பக்கத்தில் ஏழு

52 சீட்டுகளை நன்றாகக் கலைத்து, மேலிருந்து வரிசையாகப் பரப்புங்கள். ஏழுக்குப் பக்கத்தில் ஏழு, ராணிக்குப் பக்கத்தில் ராணி என எங்கேயாவது ஒரே எண்ணுள்ள இரண்டு சீட்டுகள் ஒட்டி வருமா? பலரும் பாதிக்குப் பாதி என்பார்கள். வரும் என்று பந்தயம் கட்டுகிறவர் ஏறக்குறைய எப்போதும் ஜெயிப்பார்.

எவ்வளவு உறுதியாக என்று காகிதத்தில் கணக்கிடப் போனால்தான் சிக்கல். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்க எண். அதில் எத்தனை அடுக்குகளில் ஜோடி இல்லை என்று எண்ண வேண்டும். ஓர் இடத்தில் என்ன விழுந்தது என்பதைப் பொறுத்து அடுத்த இடத்தின் வாய்ப்பு மாறிக்கொண்டே போவதால் சுலபமாகப் பெருக்கிவிட முடியாது. விடாப்பிடியான கணிதக்காரர் இதைத் தீர்த்துவிடுவார்தான். ஆனால் விளையாட்டின் விதியைச் சற்று மாற்றினால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணிதர், தனியாக ஆடும் ஒரு சீட்டாட்டத்தில் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டார். ஆட்டம் முடிய வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்துச் சலித்தவருக்கு, நூறு முறை ஆடி, ஜெயித்ததை எண்ணினால் என்ன என்று தோன்றியது. அணு ஆய்வில் நியூட்ரான்களின் போக்கைக் கணிக்க அந்த யோசனையே பயன்பட்டது. மாண்டி கார்லோ முறை என்று சூதாட்ட ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

நம் கேள்விக்கு பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
import random
deck = list(range(13)) * 4
N = 100000
hits = total = 0
for t in range(N):
    random.shuffle(deck)
    pairs = 0
    for i in range(51):
        if deck[i] == deck[i + 1]:
            pairs += 1
    total += pairs
    if pairs > 0:
        hits += 1
print(hits / N, total / N)
```

கட்டை ஒரு லட்சம் முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் ஒட்டி நிற்கும் ஜோடிகளை எண்ணுகிறது. சில நொடிகளில் முதல் எண் 0.954-ஐ ஒட்டி வரும். அதாவது 100-க்கு 95 தடவைக்கு மேல் பந்தயம் நமக்கே. மறுபடி ஓட்டினால் கடைசி இலக்கங்கள் மாறும். லட்சம் முறைக்கு இந்த ஆட்டம் பெரும்பாலும் 0.0013-க்குள் அடங்கும். நூறு முறை மட்டும் கலைத்திருந்தால் 0.91 என்றுகூட வந்திருக்கலாம். முறைகளை நூறு மடங்கு கூட்டினால் பிழை பத்தில் ஒன்றாகத்தான் குறையும்.

எண்ணிக்கையைக் கூட்டித் தீர்க்க முடியாத பிழை வேறொன்று உண்டு. `range(51)` என்ற இடத்தில் `range(50)` என்று எழுதிவிட்டோம் என்று வையுங்கள். நிரல் நிற்காது, குறை சொல்லாது. கடைசி ஜோடியைப் பார்க்காமல் விட்டு, 0.952 போல ஒரு விடையைத் தரும். அதைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? கோடி முறை ஓட்டினாலும் அதே தப்பு இன்னும் துல்லியமாக வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது எண்ணை அச்சிடச் சொன்னது இதற்காகவே. ஒரு சீட்டுக்கு அடுத்து வரக்கூடியவை மீதி 51. அவற்றில் 3 மட்டுமே அதே எண். ஆகவே ஓரிடத்தில் ஜோடி அமைய வாய்ப்பு 51-இல் 3. அப்படிப்பட்ட இடங்களும் 51. எனவே ஒரு கட்டுக்குச் சராசரி ஜோடிகள் சரியாக 3. இடங்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் சராசரிகளைக் கூட்டத் தடையில்லை. லட்சம் முறை ஓட்டினால் இந்த எண் 2.98-க்கும் 3.02-க்கும் இடையில் நிற்க வேண்டும். `range(50)` என்று எழுதியவருக்கு 2.94 வரும், குட்டு உடைந்துவிடும். விடை தெரியாத கேள்வியோடு விடை தெரிந்த ஒன்றையும் அதே சுற்றில் கேட்பது எனக்குப் பிடித்த தந்திரம்; இதைச் செய்யாத நிரலின் விடையை நான் நம்புவதில்லை.

அரிதான நிகழ்ச்சிகளில் இந்த முறை திணறும். நான்கு ஏழுகளும், அல்லது வேறெந்த எண்ணின் நான்கு சீட்டுகளும், ஒட்டி வர வாய்ப்பு சுமார் 0.23 சதவீதம். நூறு முறை கலைத்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். அதை வைத்து நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு தடவைகூட நிகழாவிட்டால், 3-ஐ முறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வாய்ப்பு அநேகமாக அதற்கு மேல் இராது என்று மட்டும் சொல்லலாம். நூறு முறைக்கு அது 3 சதவீதம். லட்சம் முறை ஓட்டினால் சுமார் 235 தடவை நிகழும். ஆனால் மதிப்பீடு அந்த 235-ஐ நம்பி நிற்கிறதே தவிர லட்சத்தை நம்பி அல்ல. அடுத்த ஓட்டத்தில் அது 210 ஆகலாம், 260-உம் ஆகலாம். இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் `N`-ஐ ஒரு கோடியாக்கிவிட்டு, சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.