உதவி செய்தவரிடம் ஏன் மன்னிப்பு?

டோக்கியோவில் ஓர் அலுவலகத்தின் லிஃப்ட் கதவு மூடப் போகிறது. உள்ளே நிற்பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்க, ஒருவர் ஓடி வந்து ஏறிக்கொள்கிறார். லேசாகத் தலை தாழ்த்தி அவர் சொல்வது, நன்றிக்கு உரிய 'அரிகாதோ'வாக இல்லாமல் 'சுமிமாசென்' ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். அகராதியைப் புரட்டினால், 'மன்னிக்கவும்' என்று இருக்கும்.

'சுமு' என்றால் முடிதல், தீர்தல். அதன் மரியாதையான எதிர்மறை வடிவம்தான் சுமிமாசென். 'உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன், அது இன்னும் தீரவில்லை' என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. கதவைப் பிடித்தவர் சில நொடிகள் காத்திருந்தாரே, அந்தக் காத்திருப்புக்குத்தான் வருத்தம். நன்றியும் அதிலேயே அடக்கம்.

தாகேயோ தோய் என்ற ஜப்பானிய மனநல மருத்துவர் இதில் மாட்டிக்கொண்டார். 1950களில் அமெரிக்காவில் பயிற்சியில் இருந்தபோது, மேலதிகாரியான மருத்துவர் ஒருவர் அவருக்கு ஏதோ உதவி செய்தார். நன்றி என்று மட்டும் சொன்னால் பெரியவரைச் சமமாக நடத்துவதுபோல் ஆகிவிடுமே என்று தயங்கிய தோய், ஆங்கிலத்தில் 'ஸாரி' என்றார். "எதற்கு ஸாரி?" என்று கேட்டுவிட்டார் அந்த மருத்துவர். தோய்க்குத் தர்மசங்கடம். பிற்பாடு 1971-இல் வந்த தன் புகழ்பெற்ற நூலில் இந்தச் சம்பவத்தை அவர் எழுதினார்.

ஆக, எதிராளிக்குச் சிரமம் நேர்ந்ததா என்று பார்த்தால் போதும், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். நடைமேடையில் விழுந்த கையுறையை யாரோ எடுத்துக் கொடுத்தால் சுமிமாசென். நெரிசலான ரயிலில் வழி கேட்டு இறங்கவும் அதுதான். உணவகத்தில் பரிமாறுபவரை அழைக்க, "சுமிமாசென்!" என்று குரலை உயர்த்தியே கூப்பிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அங்கே வருத்தமெல்லாம் பெயரளவுக்குத்தான். பேச்சில் பலர் 'சுயிமாசென்' என்றே சொல்கிறார்கள். விஷயம் முடிந்தபின் திரும்பிப் பார்த்துச் சொல்வதானால், 'சுமிமாசென் தெஷ்தா' என்று இறந்தகாலமாகிவிடும்.

யாராவது "உங்கள் ஜப்பானிய மொழி அருமை" என்று பாராட்டினால், சுமிமாசென் ஒட்டாது. வாழ்த்துக்கும் அப்படியே. அங்கே எதிராளி சிரமப்படவில்லை, மகிழ்ச்சியாகவே சொன்னார். அதற்கு 'அரிகாதோ கோசாய்மாஸ்' தான் சரி. நெருங்கிய நண்பரிடமோ சுமிமாசென் விறைப்பாக இருக்கும், 'கோமென்' போதும்.

பெரிய தவறுக்கு இந்தச் சொல் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய சரக்கு தாமதமானால், நிறுவனத்தார் 'மோஷிவாகே கோசாய்மாசென்', அதாவது 'சாக்குச் சொல்ல ஏதுமில்லை' என்பார்கள். சுமிமாசென்னோடு நிறுத்தினால், லிஃப்ட் கதவுக்குச் சொன்னதையே சரக்குக்கும் சொல்லிவிட்டார் என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.