வரம்பைத் தாண்டிய ஒன்பது நிமிடம்

சொந்தப் பணத்தைப் போட்டுச் சந்தையில் வணிகம் செய்யும் நிறுவனங்களில், ஒரு டிரேடர் ஒரு நாளில் இவ்வளவுதான் இழக்கலாம் என்று நஷ்ட வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் ரிஸ்க் மேலாளரிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் போகும். திட்டுவதற்காக எழுதப்படுவது அல்ல அது. எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்ற பதிவு.

ஓர் உதாரணக் கணக்கு. டிரேடரின் வரம்பு 3 லட்சம் ரூபாய். அவரிடம் இருப்பது 1,500 யூனிட் நிஃப்டி ஃபியூச்சர். ஒரு புள்ளி இறங்கினால் 1,500 ரூபாய் போகும். 200 புள்ளி இறங்கினால் வரம்பு தீரும். காலை 11.42-க்குத் தீர்ந்துவிட்டது. உடனே விற்றிருந்தால், இறங்கும் சந்தையில் கூடுதலாகப் பத்துப் புள்ளி போய், நஷ்டம் 3,15,000-ல் நின்றிருக்கும். அவர் விற்கவில்லை. விலை எப்படியும் திரும்பும் என்று நம்பி, 11.51-க்கு அதே விலையில் இன்னும் 750 யூனிட் வாங்கினார். மேலும் 60 புள்ளி சரிந்த பிறகுதான் எல்லாவற்றையும் விற்றார். மொத்த நஷ்டம் 4,35,000.

கடிதத்தின் உயிர் இந்தத் தொகையைப் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. வரம்புக்கு மேல் போன முதல் 15,000 சந்தையின் வேகத்தால் வந்தது. அதற்கு டிரேடரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த 1,20,000 அவருடைய முடிவால் வந்தது. வரம்பு தீர்ந்த பின் கையிருப்பு குறைந்ததா, கூடியதா என்று ஆர்டர் பதிவைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். "11.42-க்கு உங்கள் வரம்பு தீர்ந்தது. 11.51-க்கு 750 யூனிட் வாங்கியிருக்கிறீர்கள். காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்" என்று எழுதினால் போதும். "அலட்சியம்" போன்ற சொற்கள் வந்தால் பேச்சு நேரத்தை விட்டுக் குணத்துக்குத் தாவிவிடும்.

"விற்காதவரை நஷ்டமே இல்லை" என்ற பதில் வரக்கூடும். அது செல்லாது. வரம்பு கணக்கிடப்படுவது அந்த நிமிடத்துச் சந்தை விலையில்தான்.

நேர்மையான மேலாளர் தம் பக்கத்துத் தவறையும் அதே கடிதத்தில் எழுதுவார். அந்த 750 யூனிட் ஆர்டரைக் கணினி ஏன் மறிக்கவில்லை? எச்சரிக்கை யாருக்குப் போனது? இதை விட்டுவிட்டால் கடிதம் பாதி உண்மைதான். பிறகு, அன்று மீதி நேரம் வணிகத்துக்குத் தடை, சில வாரங்களுக்குப் பாதி வரம்பு என நடவடிக்கை வரும். நடந்து முடிந்த மீறலை மறைக்க வரம்பைப் பின்தேதியிட்டு உயர்த்துவது மட்டும் கூடவே கூடாது.

டிரேடரும் அவரைக் கண்காணிப்பவரும் ஒருவராகவே இருந்தால் இப்படி ஒரு கடிதத்தை எழுத ஆளே இருக்காது. சிங்கப்பூரில் நிக் லீசன் வணிகத்தையும் அதன் கணக்கையும் தானே பார்த்தார். நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் ஒளித்தார். 1995-ல் பேரிங்ஸ் வங்கி திவாலானது.

உதாரணத்து டிரேடர் விற்காமல் காத்திருந்து, சந்தை மீண்டு, அன்று லாபத்தோடு முடித்திருந்தாலும், 11.51-க்காக இந்தக் கடிதம் போயே ஆகவேண்டும்.