ஒரே இறால், மூன்று தட்டு

ஜப்பானிய உணவகத்துக்கு முதன்முறை போகிறவர்கள், மெனுவில் உள்ள எல்லாமே பச்சை மீன்தான் என்று நினைத்துத் தயங்குகிறார்கள். இறாலை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சஷிமி என்று கேட்டால் சோறு வராது. ஓடு உரித்த பச்சை இறால், பக்கத்தில் நூல்போல நறுக்கிய முள்ளங்கி, கொஞ்சம் வசாபி, சோயா சாஸ், அவ்வளவுதான். இதற்கு வழக்கமாக எடுப்பது 'அமா எபி' என்ற சிற்றினம். வேகவைக்காததால் வழுவழுவென்று, இனிப்பாக இருக்கும். பச்சையாகச் சாப்பிடத் தயக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டியது இதைத்தான்.

நிகிரி என்றால் 'பிடித்தது'. நம் பிடிகொழுக்கட்டை போலப் பெயரிலேயே கைவேலை இருக்கிறது. வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சோற்றை விரல் நீளத்துக்குப் பிடித்து, மேலே ஒரு துண்டை வைத்து அழுத்துவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய டோக்கியோவான எதோ நகரத்தில் பரவிய உணவு இது. சுஷி என்ற பெயருக்கு உரிமை அந்தப் புளிப்புச் சோற்றுக்குத்தான், மீனுக்கு இல்லை. 'எபி நிகிரி'யில் இருப்பது பெரும்பாலும் வெந்த இறால். சுருளாமல் இருக்க நீளவாக்கில் குச்சி செருகி வேகவைத்து, வயிற்றுப்பக்கம் கீறி விரித்துச் சோற்றின்மேல் படுக்க வைப்பார்கள். ஆனால் 'அமா எபி நிகிரி' என்று போட்டிருந்தால் அது பச்சை. நிகிரி என்ற சொல் சோறு உண்டு என்று மட்டுமே சொல்லும். மேலே இருப்பது வெந்ததா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கையால் எடுத்தே சாப்பிடலாம். சோயா சாஸில் மேல்துண்டைத் தொடுங்கள். சோற்றைத் தொட்டால் உதிர்ந்துவிடும்.

டெம்புரா எண்ணெயில் பொரிப்பது. 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர்களிடமிருந்து ஜப்பான் கற்ற முறை. பார்த்தால் பஜ்ஜி நினைவுக்கு வரும். ஆனால் இது கடலைமாவு இல்லை, கோதுமை மாவு, மிளகாய்த்தூளும் கிடையாது. குளிர்ந்த தண்ணீரில் முட்டை சேர்த்து, மாவைக் கட்டி கட்டியாக இருக்கும்போதே கலப்பதை நிறுத்திவிடுவார்கள். நன்றாக அடித்தால் மாவு இழுபட்டு, மேலோடு தடித்துப்போகும். வாலில் தேங்கிய தண்ணீர் எண்ணெயில் வெடிக்கும் என்பதால் இறாலின் வால்நுனியை வெட்டி, நீரைப் பிதுக்கி எடுத்துவிடுவார்கள். மேலோடு மெல்லியதாக, கடித்ததும் நொறுங்க வேண்டும். ஆறவிட்டால் பதம் போய்விடும், வந்ததும் சாப்பிடுங்கள்.

சைவர்களுக்குக் கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு டெம்புரா கிடைக்கும். ஆனால் மாவில் முட்டை உண்டா என்று கேளுங்கள். தொட்டுக்கொள்ளத் தரும் வெளிர்பழுப்புக் குழம்பு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவல் ஊறிய சாற்றில் செய்தது. அதற்குப் பதில் உப்பு கேட்டால் கொடுப்பார்கள். ஜப்பானியர்களே பலர் உப்பு தொட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.